கொளுத்தில் இருந்த எண்

அந்தப் படம் வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இடது கையில் போன், வலது கையில் சோறு. மார்த்தாண்டத்தில் ஒரு ஹால்மார்க் மையத்தில் எனக்கு வேலை. நகைக் கடைகள் கொண்டுவரும் நகைகளில் தங்கம் எத்தனை பங்கு இருக்கிறது என்று சோதித்து, சரியாக இருந்தால் அரசு முத்திரையைப் பொறித்துக் கொடுப்பது எங்கள் தொழில். எக்ஸ்ரே இயந்திரத்தில் நகையை வைத்து அளவு பார்ப்பது என் பொறுப்பு. கல்யாண மாதம் அது. ஒரே நாளில் பதினான்கு கடைகளின் சரக்கு வந்து கிடந்தது. பத்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்திருக்க வேண்டும்.

படத்தை அனுப்பியவள் என்னோடு கல்லூரியில் வேதியியல் படித்தவள். மூன்று வருடம் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் நாங்கள். இப்போது மார்த்தாண்டத்துக்கு மேற்கே ஐந்தாறு கிலோமீட்டரில் கணவர் வீட்டில் இருக்கிறாள். அவளுடைய மாமியார் இறந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. நான் அடக்கத்துக்குப் போயிருந்தேன்.

படத்தில் ஒரு உள்ளங்கை. அதில் சங்கிலியின் கொளுத்து, நண்டுக் கொடுக்கு போல வாய் திறந்து மூடும் வகை. அதன் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 925 என்று குத்தியிருந்தது. கொளுத்துக்கு அந்தப் பக்கம் சங்கிலியின் இரண்டு மூன்று வளையங்கள் மங்கலாகத் தெரிந்தன. கீழே எழுதியிருந்தாள்: "மாமிக்க செயினு. தங்கமா ஏட்டி? நெட்டுல பாத்தா 925 வெள்ளின்னு காட்டுது. நீ பாத்துச் சொல்லு."

நான் படத்தை விரலால் பெரிதாக்கினேன். ஒன்பது, இரண்டு, ஐந்து. சந்தேகமே இல்லை. கட்டைவிரலாலேயே எழுதினேன்: "925 வெள்ளி முத்திரைதான். மேல தங்க முலாம் பூசியிருக்கு. தங்கம் இல்ல."

அவள் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டாள். நான் கை கழுவிவிட்டு இயந்திரத்துக்குப் போனேன். அன்று முழுக்க அந்தச் சங்கிலியை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மையத்தைத் திறக்கும்போது படிக்கட்டில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். நீலக் கரை வைத்த பருத்திச் சேலை, மடக்கிய குடை, தோளில் ஒரு பெரிய பை. எங்கள் மையத்துக்குக் கடைக்காரர்களும் அவர்களுடைய ஆட்களும்தான் அதிகம் வருவார்கள். தனியாக ஒரு பெண் வந்தால் பழைய வளையலைச் சோதிக்க வந்திருப்பார். அப்படித்தான் நினைத்தேன்.

"நகை கொண்டுவந்திருக்கீங்களா?"

"இல்ல." பையிலிருந்து போனை எடுத்து என் முன்னால் நீட்டினார். "நேத்து இத எழுதினது நீங்களாக்கும்?"

திரையில் என்னுடைய மூன்று வாக்கியங்கள் இருந்தன. மேலே என் பெயர். என் தோழி அதை அப்படியே படம் பிடித்துத் தங்கள் குடும்ப குரூப்பில் போட்டிருக்கிறாள். அங்கிருந்து யாரோ ஹோம் நர்ஸ் அனுப்பும் ஏஜென்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஏஜென்சிக்காரர் இவருக்கு அனுப்பியிருக்கிறார்.

"நான் அந்த அம்மைய ரெண்டு வருஷம் நோக்கினவ," என்றார். "குளிப்பாட்டினது நான், சோறு குடுத்தது நான். கடைசியில ஆஸ்பத்திரியில செயினக் கழற்றச் சொன்னப்ப மருமொவ கையில கழற்றிக் குடுத்ததும் நான்தான். இப்ப நல்ல செயின எடுத்துட்டு வெள்ளிச் செயின வச்சேன்னு சொல்லுதாவ. பதினொரு மணிக்குள்ள செயினு திரும்ப வரணுமாம். இல்லன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுப்பாவளாம்."

அவர் குரலை உயர்த்தவில்லை. படிக்கட்டில் ஒரு கடைப் பையன் சரக்குப் பையோடு ஏறி வந்துகொண்டிருந்தான், அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

என் மனதில் முதலில் வந்தது வெட்கமல்ல. அதை ஒத்துக்கொள்ள வேண்டும். படத்தில் இருந்ததைத்தானே நான் சொன்னேன், அவர்கள் வீட்டுச் சண்டைக்கு நான் என்ன செய்ய முடியும் என்றுதான் நினைத்தேன். 925 என்றால் ஆயிரத்தில் தொள்ளாயிரத்து இருபத்தைந்து பங்கு வெள்ளி. அதில் தப்பு எங்கே இருக்கிறது? அதைக் காட்டவே என் போனில் நேற்றைய படத்தை எடுத்தேன். நேற்று பெரிதாக்கிப் பார்த்தபோது எண் மட்டும்தான் தெரிந்தது. இப்போது பெரிதாக்காமல் பார்த்ததில் படம் முழுதாகத் தெரிந்தது. எண் இருந்தது கொளுத்தில். சங்கிலியில் அல்ல.

முத்திரை எந்தத் துண்டில் குத்தியிருக்கிறதோ அந்தத் துண்டைப் பற்றி மட்டுமே பேசும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது. கொளுத்து அறுந்தால் வேறு மாட்டுவார்கள். கம்மலின் திருகு தொலைந்தால் வேறு வாங்குவார்கள். அதனால்தான் சங்கிலியைச் சோதிக்கும்போது கொளுத்தைத் தனியாகவும் வளையங்களைத் தனியாகவும் வைத்துப் பார்ப்போம். ஒரு நாளைக்கு நூறு தடவை செய்கிற வேலை. நேற்றுச் சோற்றுக் கையோடு அதை மறந்திருந்தேன்.

"அக்கா, செயினுல வேற எங்கயாவது எழுத்து இருந்துச்சா?"

"நான் அதொண்ணும் பாத்ததில்ல மேடம். அம்மைக்க கழுத்துல கெடந்தது அது ஒண்ணுதான். வேற செயின நான் கண்டதே இல்ல."

அவரை உள்ளே வரவேற்பறை பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என் தோழிக்கு போன் செய்தேன்.

"ஏட்டி, அவ அங்க வந்திருக்காளா?" என்றாள் எடுத்ததும். யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். "அவகிட்ட ஒண்ணும் பேசாத. நாங்க பாத்துக்கிடுதோம்."

"அந்த எண்ணு கொளுத்துல இருக்கு. செயினு வேறயா இருக்கலாம். நான் செயினப் பாக்காம சொல்லிட்டேன். அது தப்பு."

"இப்ப நீ மாத்திச் சொல்லாத மக்கா. நேத்து நீ சொன்னத வச்சுதான் எல்லாரும் பேசிட்டாவ. நாத்தனா யுகேயில இருந்து அழுதுட்டு கெடக்கா."

போனை அவள் கணவர் வாங்கினார். அவர் ஒரு பள்ளியில் வாத்தியார். அதிர்ந்து பேசாத மனிதர். ஆனால் அன்று அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

"நான் காந்தம் வச்சும் பாத்தாச்சு. பழைய ஸ்பீக்கர்ல உள்ள காந்தம். செயினு ஒட்டுது. தங்கம் காந்தத்துல ஒட்டுமா? நீங்களே சொல்லுங்க."

"எந்த இடத்துல ஒட்டுச்சு அண்ணே?"

"கொளுத்துப் பக்கந்தான்."

"அந்த மாதிரிக் கொளுத்துக்கு உள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கும். அது இரும்பு. சுத்தத் தங்கக் கொளுத்துலயும் அது ஒட்டும். செயினு வளையம் ஒட்டிச்சா?"

"நீங்க அவளுக்கு வேண்டிப் பேசுதியளா?"

நான் யாருக்காகப் பேசுகிறேன் என்று எனக்கே அப்போது தெரியவில்லை. ஏனென்றால் அந்தச் சங்கிலி தங்கம் என்றும் நான் அறியேன். வளையங்களும் வெள்ளியாக இருக்கலாம். பித்தளையாகவும் இருக்கலாம். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண் நேற்றுவரை எனக்கு யாரென்றே தெரியாதவர். கொளுத்தை வைத்து வெள்ளி என்று சொன்னது எத்தனை தப்போ, இவர் முகத்தை வைத்துத் தங்கம் என்று சொல்வதும் அத்தனை தப்பு.

"அண்ணே, ஸ்டேஷன்ல என் வாட்ஸாப் மெசேஜ காட்டினா எடுக்கமாட்டாங்க. சோதிச்ச ரிப்போர்ட் கேப்பாங்க. அதுக்கு நகை எப்படியும் ஒரு மையத்துக்கு வந்தாகணும். இங்க கொண்டுவாங்க. நான் கை வைக்கல. எங்க சார் சோதிப்பாங்க. என்ன வருதோ அத வச்சு நீங்க எங்க வேணுமானாலும் போங்க."

அவர் யோசித்தார். "வாறோம்" என்று வைத்துவிட்டார்.

பெஞ்சுக்குத் திரும்பிப் போய் அந்த அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் விடக்கூடாது என்று பட்டதால் இதையும் சொன்னேன்: "ரிப்போர்ட்ல வெள்ளின்னு வந்தா அது உங்களுக்கு எதிராத்தான் நிக்கும். பிறகு என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"வெள்ளின்னா நானே ஸ்டேஷனுக்கு வாறேன். நோக்கச் சொல்லுங்க."

அவர்கள் பத்தரைக்கு வந்தார்கள். என் தோழி என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கணவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். எங்கள் மையத்தின் பொறுப்பாளர் சார் அறுபதை நெருங்கியவர், அதிகம் பேசாதவர். காலையிலேயே அவரிடம் நடந்ததைச் சொல்லியிருந்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "படத்தப் பாத்து நமக்கு என்ன தெரியும்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

படிவம் நிரப்பிக் கையெழுத்து வாங்கினார். சங்கிலியை எல்லார் முன்னாலும் தராசில் வைத்து எடையை எழுதினார். பிறகு கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு கொளுத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு வளையமாக நகர்த்தினார். கொளுத்து மாட்டும் மறுமுனையில் தட்டையான ஒரு சின்னத் தகடு இருந்தது. அதில் நின்றார். என்னைக் கூப்பிட்டு லென்ஸைக் கொடுத்தார்.

தகடு தேய்ந்திருந்தது. எத்தனையோ வருடம் கழுத்தில் உரசின தேய்மானம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சத்தைச் சாய்த்தபோது ஒரு எட்டின் மேல்பாதி, கொஞ்சம் இடைவெளி விட்டு ஐந்து. நடுவில் இருந்தது அழிந்துபோயிருந்தது.

"எட்டு, என்னவோ, அஞ்சு," என்றேன்.

சார் வாத்தியாரைப் பார்த்தார். "இந்தச் செயினு எங்க வாங்கினது?"

"அப்பா பஹ்ரைன்ல இருந்து கொண்டுவந்தது. எனக்கு அஞ்சாறு வயசுல."

"அங்க இருபத்தியொரு கேரட் நகை ரொம்ப ஓடும். எண்ணூத்தி எழுபத்தஞ்சுன்னு குத்துவாங்க. ஆயிரத்துல அத்தன பங்கு தங்கம். நம்ம ஊர்ல தொள்ளாயிரத்துப் பதினாறு, அது இருபத்திரண்டு கேரட். இது அதுக்கு ஒரு படி கீழ."

"அப்ப தங்கம்னு சொல்லுதியளா?" என்று கேட்டாள் என் தோழி.

"முத்திரை சொல்லுது. நான் இன்னும் சொல்லல. அச்சு ஆணி வச்சிருக்கிற எவனும் எண்ணு குத்தலாம். அதுலயும் பாதிதான் தெரியுது."

பெஞ்சிலிருந்த அக்கா எழுந்து வரவில்லை. குடையை மடியில் கிடத்தி அதன் பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

சார் கொளுத்தை இயந்திரத்தில் வைத்தார். பெரும்பகுதி வெள்ளி, மேலே மெல்லியதாகத் தங்கம். பிறகு நடு வளையங்களில் மூன்று இடம் மாற்றி வைத்தார். மூன்றிலும் தங்கம் நூற்றுக்கு எண்பத்தேழுக்குக் கொஞ்சம் மேலே கீழே காட்டியது. ஆனால் வாத்தியார் விடவில்லை.

"இது மேல் பூச்சக் காட்டுற மெஷின்தானே? கட்டியா பூசியிருந்தா?"

நியாயமான கேள்வி. அவர் வாத்தியார் அல்லவா. அந்தக் கதிர் உலோகத்தின் மேல்தோலைத்தான் பார்க்கும், உள்ளே இறங்காது. தடித்த முலாம் அதை ஏமாற்றிவிடும். நான் அதைச் சொல்ல வேண்டியதாயிற்று. "ஆமா அண்ணே. உள்ள என்னன்னு உறுதியா தெரியணும்னா கொஞ்சம் வெட்டி நெருப்புல வச்சுப் பாக்கணும். ஒரு வளையம் போகும். அஞ்சு மணி நேரம் ஆகும்."

"அம்மைக்க செயின வெட்டவா?"

முதல் தடவையாக அவர் குரல் உடைந்தது. சங்கிலியைக் கையில் எடுத்துக்கொண்டார். அதுவரை அதை ஒரு திருட்டுச் சாட்சியைப் போலத் தூரத்தில் வைத்துப் பார்த்தவர், இப்போது அதை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். தங்கமாக இல்லாவிட்டால் அது அவர் அம்மாவின் சங்கிலி இல்லை. தங்கமாக இருந்தால், வெட்டுவது அவர் அம்மாவின் கழுத்தில் கிடந்ததை. நான் அதை அப்போதுதான் புரிந்துகொண்டேன்.

பெஞ்சிலிருந்து அந்த அக்கா சொன்னார்: "வெட்டச் சொல்லுங்க சாரே. எனக்குப் பாதி நிச்சயம் போதாது."

வாத்தியார் அவரைத் திரும்பிப் பார்த்தார். காலையிலிருந்து அப்போதுதான் பார்த்தார். பிறகு சங்கிலியை மேசையில் வைத்து, வெட்டச் சம்மதம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

நடு வளையம் ஒன்றை சார் வெட்டி எடுத்தார். துண்டை நான்கு தசம இடம் காட்டும் தராசில் நிறுத்து, கொஞ்சம் வெள்ளி சேர்த்து, ஈயத்தாளில் சுற்றினார். சாம்பலில் செய்ததுபோன்ற சின்னக் கிண்ணத்தில் அதை வைத்து உலைக்குள் தள்ளினார். ஈயம் உருகி, கலந்திருக்கும் செம்பையும் மற்றதையும் இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் ஊறிப்போய்விடும். தங்கமும் வெள்ளியும் மட்டும் ஒரு மணியாக உருண்டு நிற்கும். அதைத் தட்டி, தகடாக்கி, அமிலத்தில் கொதிக்கவைத்தால் வெள்ளியும் கரைந்துவிடும். கடைசியில் மிஞ்சுவது தங்கம் மட்டும். அதன் எடையை முதல் எடையோடு வைத்துப் பார்த்தால் கணக்கு வந்துவிடும். நான் தினமும் பார்க்கிற வேலை. அன்று உலைக் கதவின் பக்கம் நான் போகவில்லை.

வரவேற்பறையில் ஒரே ஒரு பெஞ்சுதான் உண்டு. ஒரு ஓரத்தில் அந்த அக்கா. மறு ஓரத்தில் என் தோழி. வாத்தியார் சன்னலோரம் நின்று ஹைவேயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பஸ்களும் லாரிகளும் ஹாரன் அடித்து ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போயின. கடை ஆட்கள் வந்தார்கள், பெட்டியைக் கொடுத்தார்கள், ரசீது வாங்கிக்கொண்டு போனார்கள். இந்த மூன்று பேருக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது என்று வந்தவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும், யாரும் அந்த பெஞ்சில் உட்காரவில்லை.

பன்னிரண்டரைக்கு டீ வந்தது. அந்த அக்காவுக்கு ஒரு டம்ளர் கொண்டுபோனேன்.

"வேண்டாம்."

"காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"எல்லாம் முடியட்டும் மேடம்."

என் தோழி நிலத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "ஆஸ்பத்திரியில எனக்க கையிலயா குடுத்தீங்க? எனக்கு ஓர்மையே இல்ல. அண்ணைக்கு ஒண்ணும் ஓர்மை இல்ல."

"உங்க கையிலதான். நீங்க பேக்கில இட்டிய. நர்ஸு அம்மா ரெண்டு பேரு அங்க நின்னாவ."

என் தோழி போனை எடுத்து, நேற்று எனக்கு அனுப்பிய அதே கொளுத்துப் படத்தை யுகேயிலிருக்கும் நாத்தனாருக்கு அனுப்பினாள். நேற்று குரூப்பில் போனது நான் எழுதின வரிகள் மட்டும். சங்கிலிப் படத்தை யாரும் போடவில்லை. அங்கே நாத்தனார் ஆஸ்பத்திரி டியூட்டியில் இருந்தார். ஒன்றே முக்காலுக்குத்தான் குரல் செய்தி வந்தது. என் தோழி ஸ்பீக்கரில் போட்டாள்.

"மைனி, இது எனக்க பிரேஸ்லெட்டுல உள்ள கொளுத்துல்லா. போன முறை வந்தப்ப அம்மைக்க பழைய கொக்கி அறுந்துபோச்சு. அம்மைக்கு விரல் மடங்காது, அந்தக் கொக்கிய மாட்டத் தெரியாதுன்னு நான்தான் இதக் கழற்றி அதுல மாட்டிக் குடுத்தேன். இதையா வெள்ளின்னு சொன்னிய?"

அந்த அக்கா பெஞ்சில் இருந்தவாறே கண்ணை மூடித் திறந்தார். வாத்தியார் சன்னலை விட்டு நகர்ந்தார். "கொளுத்து சரி," என்றார். ஆனால் அவர் குரலில் பழைய உறுதி இல்லை. "செயினுக்க முடிவும் வரட்டு."

மூன்றரைக்கு சார் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். கையில் அச்சடித்த தாள். நின்றபடியே படித்தார். ஆயிரத்தில் எண்ணூற்று எழுபத்து நான்கு சொச்சம். இருபத்தொரு கேரட்டுக்குச் சரியான அளவு. "உள்ளயும் தங்கம், வெளியிலயும் தங்கம். கொளுத்து மட்டும் வெள்ளி. வெட்டின துண்டுல மிஞ்சின தங்கம் இந்தக் கவர்ல இருக்கு. நம்ம நாட்டு முத்திரை இதுல பொறிக்க முடியாது, இருபத்தொண்ணுக்கு இங்க வகுப்பு இல்ல. ஆனா ரிப்போர்ட் செல்லும்."

என் தோழி அழத் தொடங்கினாள். வாத்தியார் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார், பரீட்சைத் தாள் போல. பிறகு அந்த அக்காவின் முன்னால் போய் நின்றார்.

"தெரியாம நடந்துபோச்சு. மனசுல வச்சுக்கிடாதீங்க."

அந்த அக்கா எழுந்து நின்றார். வாத்தியாரின் தோள் உயரம்கூட அவர் இல்லை. "குரூப்புல போட்டியளே, அதே குரூப்புல போடணும். ஏஜென்சிக்கும் போவணும். எனக்க வேலை போயாச்சு. நேத்து ராத்திரியே ஏஜென்சிக்காரரு அடுத்த வேலை வீட்டுக்குப் போவாண்டாம்னு சொல்லிட்டாரு."

"போடலாம், போடலாம்" என்றார் வாத்தியார்.

"நீங்க இல்ல." என்னைக் கை காட்டினார். "இவிய எழுதட்டும். இவிய எழுத்தத்தான் எல்லாரும் நம்பினாவ."

என் தோழி அங்கேயே என்னை அந்தக் குடும்ப குரூப்பில் சேர்த்தாள். முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். பாதிப் பேரை எனக்குத் தெரியும், அவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போயிருக்கிறேன். நான் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன். சோதனை முடிவு, கேரட், கொளுத்து மட்டும் மாற்றப்பட்டது, எல்லாம் எழுதி, கடைசியில் "நேற்று அனுப்பிய தகவல் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது" என்று முடித்தேன். அனுப்பும் முன் அவருக்குப் படித்துக் காட்டினேன்.

அவர் கவனமாகக் கேட்டார். "அந்தக் கடைசி வரி வேண்டாம். தவறா ஆரும் புரிஞ்சுக்கிடல்ல. நீங்க சொன்னதத்தான் புரிஞ்சாவ. நான் தப்பாச் சொன்னேன்னு எழுதுங்க."

சார் தன் மேசையில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் வரியை அழித்தேன். "சங்கிலியைப் பார்க்காமல் படத்தைப் பார்த்து நான் தப்பாகச் சொன்னேன். அம்மாவைப் பார்த்துக்கொண்டவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை" என்று எழுதினேன். அனுப்பிய பிறகு முகம் சுட்டது. அடுத்த சில நிமிடங்களில் அந்தப் பக்கம் ஒவ்வொருவராக வாசித்துவிட்டதைப் போன் காட்டிக்கொண்டே இருந்தது. ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை.

ரிப்போர்ட்டின் நகல் ஒன்றை சார் முத்திரை போட்டு அந்த அக்காவிடம் கொடுத்தார். நகை வீட்டுக்காரருடையது, நகலை மற்றவருக்குக் கொடுக்க அவர்கள் சம்மதம் வேண்டும் என்பதால் வாத்தியாரிடம் கேட்டார். வாத்தியார் தலையசைத்தார். அந்த அக்கா தாளை மடிக்காமல் பையின் உள்பக்கம் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் படி இறங்கினார். நான் பின்னால் போனேன். கீழே கடை வாசலில் பிடித்து, மன்னிக்கச் சொன்னேன்.

"நீங்க நோக்கிச் சொல்லச் சொன்னியளே, அதுக்கு நன்றி," என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனார்.

அன்று சாயங்காலமே ஏஜென்சிக்காரருக்கு நான் போன் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். "மேடம், அது சரி. தங்கம்னு தெரிஞ்சாச்சு. ஆனா ஒருக்க பேச்சு வந்தாச்சுல்லா. வீட்டுக்காரங்க கேப்பாவ." நான் இன்னும் இரண்டு தடவை அழைத்தேன். மூன்றாவது தடவை அவர் எடுக்கவில்லை.

என் தோழி பிறகு ஒரு மாதம் எனக்கு எதுவும் அனுப்பவில்லை. பிறகு கிறிஸ்மஸ் வாழ்த்து அனுப்பினாள், எல்லாருக்கும் அனுப்புகிற படம்தான். நானும் திருப்பி அனுப்பினேன். எங்கள் இருவருக்குள் அதைப் பற்றி இன்றுவரை பேச்சு வரவில்லை. அவள் என் மேல் கோபமாக இருக்கிறாளா, தன் மேலேயா என்று எனக்குத் தெரியாது. படம் அனுப்பித் தங்கமா என்று கேட்பவர்கள் இப்போதும் வாரத்துக்கு இரண்டு பேராவது உண்டு. கொண்டுவாருங்கள் என்று மட்டும் பதில் போடுகிறேன். சிலருக்கு அது அகங்காரமாகத் தெரிகிறது. ஒரு சித்தி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

பிப்ரவரியில் ஒரு நாள் அந்த அக்காவிடமிருந்து போன் வந்தது. ரிப்போர்ட்டின் இன்னொரு நகல் வேண்டும் என்றார். முதல் தாள் மழையில் நனைந்துவிட்டதாம்.

"வேலை கிடைச்சுதா அக்கா?"

"வேற ஏஜென்சி. பத்மநாபபுரத்துல ஒரு வயசான அப்பச்சன். நடக்க முடியாது, நல்லா பேசுவாரு."

"இந்த ரிப்போர்ட்ட யாரு கேட்டா?"

"ஆரும் கேக்கல்ல. வேலைக்குப் போன அண்ணைக்கே நானே எடுத்துக் காட்டினேன். இன்னபோல ஒரு பேச்சு வந்துது, இன்னபோல தீந்துதுன்னு. பிறகு வேற ஆராவது சொல்லி அவிய கேக்காண்டாமே."

சாரிடம் அனுமதி வாங்கி நகல் எடுத்தேன். நனையாமல் இருக்கக் கீழே உள்ள ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்தேன். அவருடைய தம்பி மகன் வந்து வாங்கிக்கொண்டு போனான்.